‘100 வாட் மேக்ஸ்’ சார்ஜர் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

ஊருக்குப் போகும்போது லேப்டாப்புக்கும் போனுக்கும் ஒரே சார்ஜர் போதும் என்று நினைத்து ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். தலைப்பில் ‘100 வாட் மேக்ஸ், 6 போர்ட், எல்லா லேப்டாப், மொபைல், டேப்லெட்டுக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்தார்கள். படத்தில் ஒரு லேப்டாப்பும் அதன் மேல் மின்னல் குறியும் வேறு. வந்த பொருளை மாட்டினால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டேன். மாற்றிப் பார்த்தும் பயனில்லை. அப்புறம்தான் சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அவுட்புட் விவரத்தை போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன். இரண்டு டைப்-சி போர்ட்டுக்கும் இருந்தவை மூன்றே அளவுகள்: 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2.22 ஆம்பியர், 12 வோல்ட் 1.67 ஆம்பியர். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். கடைசி இரண்டும் 20 வாட்டில் நிற்கின்றன. மீதி நான்கு பழைய யூ.எஸ்.பி. போர்ட்டுகளும் 5 வோல்ட் 3 ஆம்பியர், அதாவது தலா 15 வாட். இப்போது கூட்டுங்கள்: 20, 20, நான்கு பதினைந்து. சரியாக 100! எந்த ஒரு போர்ட்டிலும் வராத வாட்டை எல்லாப் போர்ட்டையும் கூட்டித் தலைப்பில் ஏற்றியிருக்கிறார்கள். ‘மேக்ஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது இதுதான்.

என் லேப்டாப்பின் சொந்த அடாப்டரில் 20 வோல்ட் 3.25 ஆம்பியர், அதாவது 65 வாட் என்று இருக்கிறது. இந்தச் சார்ஜரில் 20 வோல்ட் என்ற வரியே கிடையாது. டைப்-சியில் சார்ஜரும் கருவியும் பேசி ஒரு வோல்ட்டேஜில் ஒத்துப்போக வேண்டும். லேப்டாப் கேட்பது சார்ஜரின் பட்டியலில் இல்லாவிட்டால், சில லேப்டாப் ‘ஸ்லோ சார்ஜர்’ என்று எச்சரித்துவிட்டு மெதுவாக ஏற்றும். சில ஏற்றவே ஏற்றாது. என்னுடையது இரண்டாவது ரகம்.

‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்பதும் இப்படித்தான். பிளக் உள்ளே போகும் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. சாம்சங் போனில் 25 வாட் ‘சூப்பர் ஃபாஸ்ட்’ வர, போன் கேட்பதற்கேற்ப வோல்ட்டேஜைச் சிறிது சிறிதாக மாற்றித் தரும் பி.பி.எஸ். வசதி சார்ஜரில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சார்ஜ் ஏறும், ஆனால் வெறும் ‘ஃபாஸ்ட்’ என்றுதான் திரையில் காட்டும். ஒன்பிளஸ், ஓப்போ போன்களின் பெரிய வாட் எண்கள் அவர்களுடைய தனி முறையில் வருபவை. வெளிச் சார்ஜரில் பெரும்பாலும் அந்த வேகம் கிடைக்காது.

நியாயமான விளம்பரம் எப்படி இருக்கும் என்றால், ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாக ஒரு வரி, சேர்த்துப் பயன்படுத்தினால் எப்படிப் பிரியும் என்று இன்னொரு வரி. உதாரணமாக 65 வாட் சார்ஜர் ஒன்றில் ‘சி1 மட்டும் 65, சி1 + சி2 என்றால் 45 + 20’ என்று போட்டிருப்பார்கள். அதாவது போனையும் சேர்த்து மாட்டினால் லேப்டாப்புக்கு 45தான். இது ஏமாற்று இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். இந்த அட்டவணை பெரும்பாலும் கடைசிப் படத்தில்தான் இருக்கும். அட்டவணையே இல்லை என்றால் நான் இனி அந்தப் பக்கம் போவதில்லை.

கேபிளிலும் ஒரு கணக்கு உண்டு. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே அடையாளச் சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் தேவை. நல்ல சார்ஜராகவே இருந்தாலும், பெட்டியில் இலவசமாக வரும் கேபிள் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள்.

விற்பனையாளரிடம் கேட்டதற்கு, ‘சார், டோட்டல் 100 வாட், ப்ராடக்ட்டில் தவறு இல்லை, வேண்டுமானால் ரீப்ளேஸ்மென்ட் தருகிறோம்’ என்றார்கள். அதே பொருளை இன்னொரு முறை வாங்கி நான் என்ன செய்ய? விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சார்ஜரின் அடிப்பக்கப் படத்தையும் சேர்த்து, ‘லேப்டாப்புக்கு என்று விற்றார்கள், 20 வோல்ட் இல்லை’ என்று ஆன்லைன் கடைக்கு எழுதினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதிந்தேன். பணம் திரும்பி வந்தது. ஸ்கிரீன்ஷாட்டை முதலிலேயே எடுத்து வையுங்கள். புகார் போன பிறகு அந்தத் தலைப்பிலிருந்து ‘லேப்டாப்’ காணாமல் போயிருந்தது.

வாங்கும் முன் கேள்வி-பதில் பகுதியில் இப்படிக் கேளுங்கள்: ‘ஒரு டைப்-சி போர்ட்டை மட்டும் பயன்படுத்தினால் 20 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்?’ எண்ணாகப் பதில் வந்தால் உங்கள் லேப்டாப் அடாப்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘ஆல் டிவைஸ் சப்போர்ட் சார்’ என்று வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.