ஆன்டிபயாடிக்குக்குப் பின் கெட்டுப்போன குடல்: சும்மா விடுவதா, புரோபயாடிக்கா, மலமாற்றா?

பாம்பனிலிருந்து தொண்டி வரை எந்த மெடிக்கலில் போய் நின்றாலும், ஆன்டிபயாடிக் சீட்டோடு, நல்ல நுண்ணுயிர்களை உயிரோடு அடைத்த ஒரு புரோபயாடிக் கேப்ஸ்யூலும் பெரும்பாலும் கூடவே வருகிறது. "வயிறு கெடாம இருக்கும்க்கா, சேர்த்துப் போடுங்க" என்று கொடுப்பவரும் சொல்வார், வாங்குபவரும் கேட்காமலே எடுத்துப் போவார். இன்னொரு பக்கம், வெளிநாட்டில் ஒருவர் மலத்தை எடுத்து இன்னொருவர் குடலில் வைக்கிறார்களாம், அதுதான் நிரந்தரத் தீர்வாம் என்ற பேச்சும் இப்போது ஊருக்குள் வந்துவிட்டது. இந்த இரண்டையும் ஒரே வேலைக்கான இரண்டு மருந்துகளாக நினைப்பதில்தான் குழப்பமே. இவை எந்தக் கட்டத்தில் பயன்படும், எந்தக் கட்டத்தில் பயன்படாது என்று வைத்துப் பார்த்தால் பதில் தெளிவாகவே இருக்கிறது.

ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பாம்பன் பக்கம் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் ஒரு அக்கா, வயது 66, பத்து வருடமாகச் சர்க்கரை. பார்க்கல் கிழித்துப் பாதத்தில் புண், புண் சீழ் வைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் கிளிண்டாமைசினும் கொடுக்கிறார்கள். சர்க்கரைக்காரர் காலில் சீழ் என்றால் இது தேவையான சிகிச்சைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புண் ஆறத் தொடங்குகிறது. எட்டாம் நாள் தண்ணீராக வயிற்றுப்போக்கு, ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது தடவை, அடிவயிற்றில் பிடித்து இழுக்கிற வலி, லேசான காய்ச்சல்.

உள்ளே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் எந்தச் சிகிச்சை ஏன் எடுபடுகிறது என்பது முழுக்க இதில்தான் இருக்கிறது. கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்கள் குடலுக்குள் வரும்போது ஒரு வடிவத்தில் வருகின்றன. பெருங்குடலில் இருக்கும் சில பாக்டீரியாக்கள், குறிப்பாக கிளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் போன்றவை, அதை வேறொரு வடிவத்துக்கு மாற்றுகின்றன. க்ளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற கிருமி (சுருக்கமாக சி-டிஃப் என்போம்) வித்து வடிவில் நம் வயிற்றுக்குள் போனால், மாறாத பித்த அமிலம் அதை முளைக்க வைக்கும். மாறிய பித்த அமிலம் அதை வளரவிடாது. ஆன்டிபயாடிக் புண்ணில் இருக்கும் கிருமியை மட்டும் தேடிப் போய்க் கொல்வதில்லை, இந்த மாற்றும் வேலை செய்பவற்றையும் சேர்த்து அழித்துவிடுகிறது. சி-டிஃப்பின் வித்துக்கோ ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. அப்புறம் என்ன, முளைக்கத் தோதான அமிலமும் இருக்கிறது, தடுக்க ஆளும் இல்லை, முளைத்துப் பெருகி இரண்டு நச்சுகளைச் சுரந்து குடல் சுவரைப் புண்ணாக்குகிறது.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வருகிற வயிற்றுப்போக்கு எல்லாமே சி-டிஃப் இல்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் அது. மற்றவை பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதும் தானாக அடங்கிவிடும், உப்புச் சர்க்கரைக் கரைசல் போதும். அந்த அக்காவைப் போல வயதும் நோயும் உள்ளவருக்கு, ஆஸ்பத்திரிவாசத்துக்குப் பிறகு, ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால், மலத்தில் சி-டிஃப் நச்சு இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். அதற்குள் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைத் தானாக வாங்கிப் போட்டுவிடக் கூடாது. நச்சு உள்ளேயே தங்கிவிடும் ஆபத்து உண்டு.

முதல் கட்டம்: ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கும்போது

புரோபயாடிக்குக்கு நியாயமான இடம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான், அதுவும் எல்லோருக்கும் இல்லை. பல சிறிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017 காக்ரேன் தொகுப்பு, சி-டிஃப் வரும் ஆபத்து ஏற்கெனவே அதிகமாக உள்ளவர்களுக்கு அது அந்த ஆபத்தைக் குறைக்கிறது என்று சொல்கிறது. ஆபத்து குறைவாக உள்ளவர்களிடம் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. இதற்கு எதிராக 2013-இல் பிரிட்டனில் வெளிவந்த பிளாசிட் என்ற பெரிய ஆய்வு நிற்கிறது: ஆன்டிபயாடிக் எடுத்த 65 வயதுக்கு மேற்பட்ட, ஏறத்தாழ 3,000 நோயாளிகள், பாதிப் பேருக்குப் புரோபயாடிக், பாதிப் பேருக்கு வெற்று மருந்து. இரண்டு பக்கமும் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய ஒரே அளவு, பத்துப் பேருக்கு ஒருவர்.

என் கணக்கு இது: சளிக்கோ தொண்டை வலிக்கோ மூன்று நாள் மாத்திரை எடுக்கிற இளவட்டத்துக்கு இந்தக் கேப்ஸ்யூல் வீண் செலவு. அந்த அக்காவைப் போன்றவருக்கு, ஆன்டிபயாடிக் தொடங்கிய முதல் ஓரிரு நாளிலேயே தொடங்கினால், பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை. எதை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்பது ஈஸ்ட், அதனால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. ஆனால் கழுத்துப் பக்கம் பெரிய ரத்தக்குழாயில் குழாய் போட்டிருக்கிறவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர்களுக்கும் அது ரத்தத்தில் கலந்து தொற்றாகிவிடலாம், அவர்களுக்கு வேண்டாம். தயிர், மோர், நீராகாரம் எல்லாம் நல்ல சாப்பாடு, குடிக்கலாம். ஆய்வுகளில் கொடுத்த குறிப்பிட்ட பாக்டீரியாக்களுக்கும் கோடிக்கணக்கான அளவுகளுக்கும் அவற்றை ஈடாகச் சொல்ல முடியாது.

இரண்டாம் கட்டம்: சி-டிஃப் வந்தே விட்டது

இங்கே புரோபயாடிக்கும் இல்லை, மலமாற்றும் பொதுவாக இல்லை. முடிந்தால் காரணமான ஆன்டிபயாடிக்கை நிறுத்துவது அல்லது மாற்றுவது, அப்புறம் சி-டிஃப்பைக் கொல்லும் மருந்து. வான்கோமைசின் 125 மில்லிகிராம், நாளைக்கு நான்கு வேளை, பத்து நாள், வாய் வழியாக. இதை நரம்பில் ஏற்றினால் பெருங்குடலுக்குள் போய்ச் சேராது, ஒரு பயனும் இல்லை. கேப்ஸ்யூல் கிடைக்காத இடத்தில் ஊசி மருந்துக் குப்பியையே கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். ஊசி மருந்தைக் குடிக்கச் சொல்கிறார்களே என்று வீட்டில் பதறவேண்டாம், சரியான முறைதான் அது. ஃபிடாக்ஸோமைசின் என்ற இன்னொரு மருந்து குடலின் மற்ற பாக்டீரியாக்களை அவ்வளவாகத் தொடாது. 2011-இல் வந்த ஒப்பீட்டில், வான்கோமைசின் எடுத்தவர்களில் நான்கில் ஒருவருக்கு நோய் திரும்பியது, ஃபிடாக்ஸோமைசின் எடுத்தவர்களில் ஏழில் ஒருவருக்குத்தான். கிடைத்தால், செலவு கட்டுப்படியானால், அதுவே மேல்.

மூன்றாம் கட்டம்: மருந்து முடிந்த பிறகு

உண்மையான போட்டி இங்கேதான். வான்கோமைசின் சி-டிஃப்பை அடக்கியதே தவிர, பித்த அமிலத்தை மாற்றும் பாக்டீரியாக்களைத் திரும்பக் கொண்டுவரவில்லை. சொல்லப்போனால் மிச்சம் இருந்தவற்றையும் அடித்துவிட்டது. வித்து இன்னும் குடலில் கிடக்கிறது. அதனால்தான் பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் நோய் திரும்புகிறது, ஒரு தடவை திரும்பியவருக்கு மறுபடி திரும்பும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது.

சும்மா விட்டால்? பலருக்குக் குடல் தானாகத் தேறிக்கொள்கிறது. முதல் தடவை வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் அளவுக்கு வான்கோமைசினோடு முடிந்துவிடுகிறது என்பதே அதற்குச் சாட்சி.

இந்த நேரத்தில் புரோபயாடிக் கொடுத்தால் தேறுவது வேகமாகும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். 2018-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 21 பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு மூன்று குழுவாகப் பிரித்தார்கள். சும்மா விட்டவர்களின் குடல் நுண்ணுயிர்கள் சுமார் மூன்று வாரத்தில் பழைய நிலைக்கு வந்தன. ஆன்டிபயாடிக்குக்கு முன்பு எடுத்து வைத்த தங்கள் சொந்த மலத்தையே திரும்பப் பெற்றவர்களுக்குச் சில நாளிலேயே. பதினோரு வகை பாக்டீரியா கலந்த புரோபயாடிக் எடுத்தவர்களுக்குத்தான் ஐந்து மாதம் ஆகியும் முழுதாகத் திரும்பவில்லை. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, புதிதாக வந்தவை இடத்தைப் பிடித்துக்கொண்டு வழக்கமாக உட்காருபவர்களை நிற்க வைத்துவிட்டன. சிறிய ஆய்வு, நோயாளிகள் அல்லாதவர்கள், ஒரே ஒரு கலவை. அதனால் புரோபயாடிக் கெடுதல் என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் "குடலைச் சரிபண்ணும்" என்று சொல்லி மாதக்கணக்கில் வாங்க வைப்பதற்கு ஆதாரம் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம். கடையில் கிடைக்கும் கேப்ஸ்யூல்களில் கிளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸும் இல்லை, அதன் வேலையைச் செய்யும் வேறொன்றும் இல்லை.

மலமாற்று வேறு ரகம். முழுக் கூட்டமும் ஒன்றாகப் போகிறது, பித்த அமில மாற்றமும் திரும்பி வருகிறது. 2013-இல் நெதர்லாந்தில், திரும்பத் திரும்ப சி-டிஃப் வந்தவர்களிடம் ஒப்பிட்டார்கள்: மலமாற்றுப் பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே குணம், வான்கோமைசின் மட்டும் எடுத்த 13 பேரில் 4 பேர்தான். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். நம் அக்காவுக்கு முதல் தடவை திரும்பினால் ஃபிடாக்ஸோமைசின், அல்லது வான்கோமைசினைப் பல வாரம் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பது. அதையும் மீறி இரண்டாவது தடவை திரும்பினால் மலமாற்றைப் பற்றி மருத்துவரிடம் பேசும் நேரம் அது. முதலில் வான்கோமைசினால் கிருமியை அடக்கி, ஓரிரு நாள் முன்பு மருந்தை நிறுத்தி, வடிகட்டிய கரைசலைப் பெரும்பாலும் கொலோனோஸ்கோப்பி வழியாக வைப்பார்கள்.

ஆனால் தானம் கொடுப்பவர் யார் என்பதில்தான் முழுச் சிக்கலும். எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ்கள், குடல் ஒட்டுண்ணிகள், மருந்துக்கு அடங்காத கிருமிகள் என எல்லாம் பார்க்கவேண்டும், சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்திருக்கக் கூடாது. 2019-இல் அமெரிக்காவில் தானமாகப் பெற்ற மலத்தின் வழியாகவே மருந்துக்கு அடங்காத ஈ.கோலை பரவி ஒருவர் இறந்துபோனார். நம் நாட்டில் நலமாக நடமாடுபவர்கள் குடலிலேயே அந்த வகை ஈ.கோலை இருப்பது மிகச் சாதாரணம், அதனால் இங்கே தகுதியான கொடையாளர் கிடைப்பது இன்னும் கஷ்டம். வீட்டில் மகனுடையதைக் கரைத்து எனிமா கொடுப்பது என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அமெரிக்காவில் 2023-இல் அனுமதி பெற்ற, மலத்திலிருந்து பிரித்த வித்துகள் அடங்கிய கேப்ஸ்யூலும் இருக்கிறது: மூன்று நாள் சாப்பிட்டால், எட்டு வாரத்தில் நோய் திரும்புவது 40 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. இங்கே மலமாற்றே சில பெரிய ஆஸ்பத்திரிகளில்தான். உடல் எடைக்கு, மலச்சிக்கலுக்கு, மன அழுத்தத்துக்கு என்று விளம்பரம் வந்தால் அதற்கெல்லாம் இந்த அளவு ஆதாரம் கிடையாது.

வீட்டில் இரண்டு விஷயம். வித்துகள் சானிடைசருக்குச் சாகாது, பார்த்துக்கொள்பவர் சோப்புப் போட்டுத் தண்ணீரில்தான் கை கழுவவேண்டும், கழிப்பறையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவவேண்டும். அப்புறம், மலம் கட்டியாகிவிட்டால் குணமானதா என்று மறுபடி பரிசோதனைக்கு அனுப்பாதீர்கள். நோய் போய்ப் பல வாரம் கழித்தும் அந்தப் பரிசோதனை பாசிட்டிவ் காட்டும், அதைப் பார்த்து இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக் தொடங்கினால் அந்த அக்கா எட்டாம் நாளில் இருந்த இடத்துக்கே திரும்பிவிடுவார்.