கட்டணம் கேட்காத செயலியும் கேட்கும் செயலியும்

துபாயிலிருந்து மார்த்தாண்டத்திலுள்ள வீட்டுக்கு மாதாமாதம் 1,500 திர்ஹாம் அனுப்பும் என் தம்பி, போன மாதம் ஒரே நேரத்தில் இரண்டு செயலிகளைத் திறந்து, இரண்டு திரைகளையும் படமெடுத்து அனுப்பினான். "எதில் அனுப்பட்டும் அண்ணா?" என்று கேட்டான். கணக்கு எளிதாக இருக்க எண்களைச் சற்று முழுமையாக்கிச் சொல்கிறேன்.

முதல் செயலியில் பச்சை எழுத்தில் "கட்டணம் 0". ஒரு திர்ஹாமுக்கு 22.70 ரூபாய், வீட்டுக்கு வருவது 34,050. இரண்டாவதில் கட்டணம் 15 திர்ஹாம் என்று வெளிப்படையாகவே இருந்தது. அதைக் கழித்து, மீதி 1,485 திர்ஹாமை 23.00 ரூபாய் வீதம் மாற்றுகிறார்கள், வருவது 34,155. கட்டணம் வாங்குகிறவர் 105 ரூபாய் கூடுதலாகத் தருகிறார்!

காரணம், அன்றைய சந்தை விலையே 23.00 என்பதுதான். இதை யாரும் சரிபார்க்கலாம். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று அமீரகம் 1997 முதல் நிலையாக வைத்திருக்கிறது. ஆகவே டாலரின் ரூபாய் மதிப்பை 3.6725ஆல் வகுத்தால் திர்ஹாமின் சந்தை விலை கிடைத்துவிடும். முதல் செயலி அதில் 30 பைசாவைக் குறைத்துக்கொண்டது. 1,500 திர்ஹாமுக்கு அது 450 ரூபாய், ஏறக்குறைய 20 திர்ஹாம். கட்டணம் உண்டு, அது விலைக்குள் ஒளிந்திருக்கிறது. ஊரில் பணத்துக்காகக் காத்திருப்பவர் கண்ணுக்கு அது படாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

அதற்காக முதல் செயலியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அது எடுப்பது தொகைக்கேற்பக் குறையும், கூடும்; இரண்டாவது கேட்கும் 15 திர்ஹாம் எப்போதும் அதே 15தான். 300 திர்ஹாம் அனுப்பினால் முதலாவதில் 6,810 ரூபாய் வரும், இரண்டாவதில் 6,555தான். இந்த விலைகளில் 1,150 திர்ஹாமுக்கு இரண்டும் சமம். அதற்குக் கீழே முதலாவது, மேலே இரண்டாவது இலாபம்.

கட்டணத்தைச் சிலர் தொகைக்குள் கழிப்பார்கள், சிலர் தொகைக்கு மேல் கேட்பார்கள். அதனால் திரையிலுள்ள விலையை விட்டுவிட்டு, ஊரில் வரவாகும் ரூபாயை அங்கே கணக்கிலிருந்து போகும் மொத்தத் திர்ஹாமால் வகுக்கச் சொன்னேன். முதலாவதற்கு 22.70, இரண்டாவதற்கு 22.77. ஒரே நிமிடத்தில் இரண்டையும் பார்க்க வேண்டும்; விலை நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும்.

முதல் தடவை அனுப்புபவருக்கு மட்டும் காட்டும் சலுகை விலை இன்னொரு சிக்கல். தம்பிக்கு முதல் செயலி தொடக்கத்தில் சந்தை விலையையே கொடுத்தது. அதை நம்பி அவன் ஆறு மாதம் ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. இப்போது மாதப் பணத்தை இரண்டாவதில் அனுப்புகிறான். இடையில் அம்மாவின் மருந்துக்கு 300 திர்ஹாம் என்றால் முதலாவதைத் திறக்கிறான்.