வெளிநாடு செல்லும் தோழிக்கு ஒரு கிலோ அளவில் நெல்லைச் சமையலறை: படிப்பு முடியும்வரை பயன்பட்ட பரிசுகள்

பாளையங்கோட்டையிலிருந்து ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு முதுகலைப் படிப்புக்காகச் சென்று, அதை முடித்து இப்போது ஊர் திரும்பியிருக்கிறேன். புறப்படும்போது தோழிகளும் உறவினர்களும் தந்தவற்றுள் எவை முதல் மாதத்தோடு ஓய்ந்தன, எவை கடைசி வாரம்வரை கைக்குள் இருந்தன என்பதை, இந்த ஆண்டு யாரையேனும் வழியனுப்பப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் முழுமையாகப் பரிந்துரைப்பது ஒரு தோழி தந்த சிறிய பொதியை. பொடிகள், வற்றல், குக்கரின் ரப்பர் வளையம், ஒரு டம்ளர், கையால் எழுதிய ஒரு நோட்டு ஆகியவை அதில் இருந்தன. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவைச் சற்றே தாண்டியது.

எடையிலிருந்தே தொடங்க வேண்டும். பல விமான நிறுவனங்கள் சாதாரண வகுப்பில் 23 கிலோ எடையுள்ள பெட்டி ஒன்றையும், கையில் 7 அல்லது 8 கிலோவையும் அனுமதிக்கின்றன. சில நிறுவனங்கள் மாணவர்களுக்கு இரண்டாவது பெட்டியும் தருகின்றன. குளிர்கால உடைகள், காலணி, ஒரு குக்கர், மருந்துகள் என்று வைத்த பிறகு பெட்டியில் மிஞ்சுவது இரண்டு மூன்று கிலோதான். வழியனுப்ப வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அரைக் கிலோ அல்வா கொண்டுவந்தாலே அந்த இடம் தீர்ந்துவிடும். அல்வாவை நான் குறை சொல்லவில்லை. புதிய அறைத்தோழிகளுடன் பழக அது பேருதவியாக இருந்தது. ஆனால் அதற்கு ஒரு கால் கிலோ போதும். பத்தாம் நாள் அது நினைவில் மட்டுமே இருக்கும். ஆகவே பரிசு வாங்குமுன், பெட்டியில் எத்தனை கிராம் மீதம் இருக்கிறது என்று நண்பரிடமே கேட்டுக்கொள்வது மரியாதைக் குறைவு ஆகாது. அவருக்கு அது பெரிய நிம்மதி.

அங்கே கிடைக்காதது எது என்பது அடுத்த கேள்வி. அரிசி, துவரம் பருப்பு, உளுந்து, புளி, கடுகு, பெருங்காயம் எல்லாம் ஜெர்மனியின் நடுத்தர நகரங்களில்கூட இந்தியக் கடைகளிலும் ஆசியக் கடைகளிலும் கிடைக்கின்றன. அவற்றைச் சுமந்து செல்வது வீண். கிடைக்காதது, நம் வீட்டுப் பக்குவத்தில் வறுத்துத் திரித்த பொடி. பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் நூறு நூறு கிராம் பொட்டலங்களாக வந்தன. பருப்புப் பொடி மூன்று, எள்ளுப் பொடி இரண்டு. அரைக் கிலோவை ஒரே பையில் கட்டாமல் இப்படிப் பிரித்ததுதான் அந்தப் பரிசின் முதல் சிறப்பு. ஒரு பொட்டலத்தைத் திறந்தால் மற்றவை காற்றுப் படாமல் இருக்கும்; பகிர்ந்து வாழும் வீட்டில் நமக்கென்று கிடைக்கும் சிறிய உறைபெட்டி அறையில் அவை அடங்கியும் விடும்.

பொடி தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வறுத்த பொருள் முற்றிலும் ஆறிய பிறகே திரிக்க வேண்டும்; திரித்த பொடியும் மிக்ஸியின் சூடு தணிய ஒரு தட்டில் பரப்பி ஆறிய பிறகே பைக்குள் போக வேண்டும். வெதுவெதுப்போடு கட்டினால் உள்ளே நீர் வியர்த்துப் பொடி கட்டிதட்டும். தேங்காய் சேர்த்த பொடி எல்லாவற்றிலும் முன்னதாகக் காறிப்போகும், அதற்கடுத்து எள். எனவே தேங்காய் இல்லாத பொடிகளையே கொடுங்கள். முழுக் கொப்பரையைப் பெட்டியில் வைக்கவே கூடாது. எண்ணெய்ச் சத்து மிகுந்து எளிதில் தீப்பற்றும் என்பதால், இந்திய விமானப் பாதுகாப்புத் துறை 2022இல் அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. பொடி கெட்டதா என்று அறிய நாக்கு வேண்டாம், மூக்கே போதும். பழைய எண்ணெயின் வாடை வந்தால் அதைக் கொட்டிவிட வேண்டும். எனக்குப் பருப்புப் பொடி உறைபெட்டியில் ஓர் ஆண்டுக்கு மேலும் நன்றாகவே இருந்தது. எள்ளுப் பொடியை அதன் பாதிக் காலத்துக்குள் முடித்துவிட்டேன். உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் பொட்டலத்தைப் பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரிப்பது அவசியம். இல்லையெனில் குளிர்ந்த பொடியின் மேல் ஈரம் படியும்.

பையைக் கட்டும்போது உள்ளிருக்கும் காற்றை முழுக்க அழுத்தி வெளியேற்ற வேண்டும். பறக்கும் விமானத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்குக் குறைவதால், அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு வரை விரிகிறது. உப்பிய பை வாய் பிளப்பதும், ஊறுகாய் பாட்டில் மூடியைச் சுற்றி எண்ணெய் கசிவதும் இதனால்தான். உறவினர் ஒருவர் அன்போடு தந்த புளிமிளகாய் பாட்டில் என் இரண்டு சட்டைகளை வீணாக்கிற்று. எண்ணெயில் மிதப்பவற்றைப் பரிசாகத் தருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சட்டதிட்டங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியோ பாற்பொருளோ கொண்டுசெல்லக் கூடாது, நெய்யும் பாற்பொருளே. இனிப்புப் பண்டங்களுக்கு விலக்கு இருப்பதால் அல்வா தப்பிக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்பதால் அதை விட்டுவிட்டு, காயவைத்துப் பொடித்ததை வைக்கலாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் திருவனந்தபுரத்தில் ஏறி வளைகுடா நாடுகளில் விமானம் மாறுகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள் என்பதால், குழம்பு மசாலாவில்கூட அது கலந்திருக்க வேண்டாம். பொடிகள் எல்லாம் பெரிய பெட்டியில்தான் போக வேண்டும், கைப்பையில் அல்ல. ஒவ்வொரு பொட்டலத்திலும் பொருளின் பெயரையும் அதில் சேர்ந்தவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். என் பெட்டியைத் திறந்து பார்த்த சுங்க அலுவலர் அந்தச் சீட்டுகளைப் படித்துவிட்டு மூடிவிட்டார்.

இப்போது டம்ளருக்கும் நோட்டுக்கும் வருகிறேன். தோழி என் அம்மாவிடம் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, எங்கள் வீட்டில் நான் விரும்பிச் சாப்பிடும் சில உணவுகளின் செய்முறையைக் கேட்டு எழுதியிருந்தாள். அம்மா எல்லாவற்றையும் கண்பார்வையாலும் கைப்பிடியாலும் அளப்பவர். அவள் விடாமல் எங்கள் சமையலறையின் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்து அளக்கச் சொல்லி, அந்த எண்ணிக்கையை எழுதிக்கொண்டு, அந்த டம்ளரையே பொதிக்குள் வைத்துவிட்டாள். “வேற எதுலயும் அளந்துராதட்டி, இதுல அளந்தாத்தான் அம்மா சொன்ன கணக்கு வரும்” என்றாள். எடை அறுபது எழுபது கிராம் இருக்கும். தினமும் கையில் எடுத்த பரிசு இது ஒன்றுதான்.

அந்த நோட்டில் நான் அதிகம் புரட்டிய பக்கம் உளுந்தஞ்சோறு. ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் தோலுடன் உடைத்த கறுப்பு உளுந்து, பத்துப் பன்னிரண்டு பல் பூண்டு, அரைக் கரண்டி வெந்தயம், ஒரு கரண்டி சீரகம், அரை டம்ளர் தேங்காய்த் துருவல், மூன்றரை டம்ளர் தண்ணீர், தேவையான உப்பு. உளுந்தை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் வைத்து நான்கு விசில். எள்ளுத் துவையலுக்குப் பதிலாக, எள்ளுப் பொடியைச் சிறிது வெந்நீரில் குழைத்துத் தொட்டுக்கொள்வேன். ஒரே பாத்திரம், கடையில் கிடைக்கும் சாமான்கள், அரை மணி நேரம். தேர்வுக் காலத்தில் இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் நோட்டின் ஒரு சொல் அங்கே செல்லுபடியாகவில்லை. “சிம்மில் வை” என்று எழுதியிருந்தது. அங்குள்ள மாணவர் விடுதிகளில் பெரும்பாலும் மின்தட்டு அடுப்பு. அதன் குமிழைக் குறைத்தாலும் தட்டின் சூடு சில நிமிடங்கள் அப்படியே நிற்கும். அதற்குள் அடி பிடித்துவிடும். குக்கரைத் தூக்கி அருகிலுள்ள ஆறிய தட்டுக்கு மாற்றுவதே வழி. நோட்டு எழுதித் தருகிறவர்கள் “குறை” என்பதற்குப் பதில் “இறக்கிவை” என்றும், எத்தனை நிமிடம் என்றும் எழுதினால் நல்லது. சில விடுதிகளில் இன்டக்ஷன் அடுப்பு இருக்கும். அதற்கு அலுமினியக் குக்கர் பயன்படாது. குக்கரின் அடியில் ஒரு காந்தம் ஒட்டுகிறதா என்று ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ரப்பர் வளையத்தைப் பார்த்தபோது வீட்டில் சிலர் இதெல்லாம் ஒரு பரிசா என்றார்கள். தினமும் பயன்படும் குக்கரில் அது ஓர் ஆண்டுக்குள் இறுகித் தளர்ந்துவிடும்; விசில் வராமல் மூடியின் விளிம்பைச் சுற்றி ஆவி சீறினால், அதை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். நம் குக்கருக்குரிய வளையத்தை டிரெஸ்டனில் எந்தக் கடையிலும் நான் காணவில்லை. அது இல்லாமல் போனால் இரண்டு கிலோ குக்கர் வெறும் சட்டிதான். ஐம்பது கிராம்கூட இராத வளையமும் அதனோடு ஒரு பாதுகாப்பு வால்வும் கொடுங்கள். நண்பரின் குக்கர் எந்த நிறுவனத்தது, எத்தனை லிட்டர், மூடி உள்ளே பொருந்துவதா வெளியே பொருந்துவதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒன்றின் வளையம் இன்னொன்றுக்குச் சேராது.

ஊர் நினைவு எனக்குக் கடுமையாக வந்தது முதல் வாரத்தில் அல்ல, அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு. அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புகிறார்கள். இந்தியாவோடு உள்ள இடைவெளி மூன்றரை மணியிலிருந்து நான்கரை மணி ஆகிறது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்கு வகுப்பு முடிந்து அழைக்கலாம் என்றால் ஊரில் இரவு பத்தரை. அப்பாவும் அம்மாவும் உறங்கியிருப்பார்கள். பேச முடியாத அந்த நேரத்தில் துணையாக இருந்தது சுக்குமல்லிப் பொடியும் உடன்குடிக் கருப்பட்டியும். பால் தேவையில்லை, கொதிக்கும் நீர் போதும். கருப்பட்டியைப் பொடியோடு கலந்துவிடாமல், நெல்லிக்காய் அளவுத் துண்டுகளாக உடைத்துத் தனியே கட்டியிருந்ததால் இரண்டும் கசியாமல் இருந்தன. இரண்டும் சேர்ந்து இருநூறு கிராம். ஒரு குளிர்காலம் முழுக்க வந்தது. நூறு கிராம் சுண்டைக்காய் வற்றலையும் அந்தக் காலத்துக்கென்றே எடுத்துவைத்திருந்தேன்.

உணவு அல்லாதவற்றில் பத்தமடைப் பாய்த் துண்டு ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்வேன். முழுப் பாய் பெட்டிக்குள் அடங்காது; மேசை விரிப்பு அளவில் நுண்கோரையில் நெய்தது அடங்கும். மடித்தால் கோடு விழும் என்பதால் துணிகளின் நடுவே சுருட்டி வைக்க வேண்டும். என் படிப்பு மேசையில் அது கடைசிவரை விரிந்திருந்தது, சாயமும் மங்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ செல்பவர் இத்தகைய கோரைப் பொருளையும், பொடிகளையும், வற்றலையும் வருகைப் படிவத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். மறைத்தால் அபராதம் உண்டு.

சட்டமிட்ட புகைப்படம், வெண்கல விளக்கு, இங்கே வாங்கிய கம்பளிச் சட்டை ஆகியவை எனக்கு உதவவில்லை. முதல் இரண்டும் எடையால் வீட்டிலேயே தங்கிவிட்டன. கம்பளிச் சட்டை அந்த ஊர்க் குளிருக்குப் போதவில்லை. பொதியைக் கொடுப்பதானால் புறப்படும் நாளில் விமான நிலையத்தில் கொடுக்காமல், ஒரு வாரம் முன்னதாக, மேலே மொத்த எடையை எழுதிக் கொடுங்கள். பெட்டியை மறுபடி பிரித்து அடுக்க அவருக்கு நேரம் இருக்கும்.