பிளக் பழுப்பானால் எதை மாற்றுவது: பிளக்கையா, சாக்கெட்டையா, வயரையா?

வேலூர் தோட்டப்பாளையம் பக்கம் மாடி அறைகளை வாரக்கணக்கில் வாடகைக்கு விடும் வீடுகள் உண்டு. வைத்தியத்துக்காக வெளியூரிலிருந்து வந்து தங்குபவர்கள் அறையிலேயே சமைத்துக்கொள்வார்கள். சிலிண்டர் வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார், அதனால் இன்டக்‌ஷன் ஸ்டவ்தான். அப்படி ஓர் அறையில் 2000 வாட் ஸ்டவ். அதன் பெரிய 16 ஆம்பியர் பிளக்கை ஒரு கன்வெர்ஷன் பிளக்கில் செருகி, அதை லைட், ஃபேன் சுவிட்சுகளோடு இருக்கும் சின்ன 6 ஆம்பியர் சாக்கெட்டில் குத்தியிருந்தார்கள். சாக்கெட்டின் இடப்பக்க ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுத்து, லேசாக உருகியும் இருந்தது. வலப்பக்க ஓட்டை புதுசு போல வெள்ளையாக.

வீட்டுக்கார அம்மாவுக்குக் குழப்பம். "இன்னாப்பா, கடைக்காரர் பிளக்கை மாத்துன்றாரு, எலெக்ட்ரீஷியன் வயரையே மாத்தணும்ன்றாரு, எதத்தான் செய்றது?" என்றார்.

அந்த ஒரு பக்கப் பழுப்பிலேயே பாதி பதில் இருக்கிறது. ஸ்டவ் இழுக்கும் கரன்ட் பேஸ் வழியாக உள்ளே போய் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. இரண்டு பின்னிலும் ஒரே அளவுதான், 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். சாக்கெட்டின் அளவு போதாதது மட்டுமே காரணம் என்றால் இரண்டு ஓட்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரி பழுத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் பழுத்தால், அந்த இடத்தில் பின்னும் சாக்கெட்டின் உள்தகடும் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது அதன் பின்னால் வயரை இறுக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். லூஸ் காண்டாக்ட் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இப்போது வயரையும் காண்டாக்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். அந்த அறைக்கு வீட்டின் மெயின் போர்டான டி.பி.யிலிருந்து வருவது ஒன் ஸ்கொயர், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், தூரம் சுமார் 12 மீட்டர். போக வர 24 மீட்டர். இந்த வயரின் ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்கு 18 ஓம் சொச்சம், ஆக மொத்தம் 0.43 ஓம். 8.7 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 33 வாட் சூடாக வீணாகிறது. கேட்க அதிகம்தான். ஆனால் அது 24 மீட்டருக்கும் பரவிவிடுகிறது, மீட்டருக்கு ஒன்றரை வாட்கூட இல்லை.

தளர்ந்த பின்னில் கணக்கு வேறு. நன்றாகப் பிடிக்கும் காண்டாக்டில் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. தளர்ந்து, மேலே ஆக்சைடு படிந்தால் பத்தில் ஒரு பங்குக்கு ஏறிவிடலாம். அந்த 0.1 ஓமில் 7.6 வாட் சூடு பிறக்கிறது. வயரின் 33 வாட்டைவிட மிகக் குறைவு, ஆனால் முழுவதும் ஒரு விரல் நுனி அளவு இடத்தில். எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வாங்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 10 வாட்தான், அது ஈயத்தை உருக்குகிறது. சூடு ஏற ஏற உள்தகட்டின் ஸ்பிரிங் இழுவை போகிறது, ஆக்சைடு கூடுகிறது, ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறுகிறது. இத்தனை நடந்தும் கரன்ட் அதே 8.7 ஆம்பியர்தான் என்பதால் எம்.சி.பி. விழாது. கசிவு இல்லாததால் ஆர்.சி.சி.பி.யும் விழாது. அவற்றை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

சரி, கடைக்காரர் சொன்ன வழி. பிளக்கை மட்டும் மாற்றுவது நூறு, நூற்றைம்பது ரூபாயில் முடிகிற வேலை. ஆனால் பிடி தளர்ந்த சாக்கெட் அப்படியே இருக்கிறது, அது புதுப் பின்னையும் கருக்கும். சாக்கெட்டை மட்டும் மாற்றினாலும் அதே கதி: கருத்துச் சொரசொரப்பான பழைய பின் புதுத் தகட்டைக் கெடுக்கும். அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கன்வெர்ஷன் பிளக்கைத் தூக்கிப் போடுவது இதில் சேர்த்தி. அது இருந்தால் இரண்டு இணைப்பு நான்காகிறது, போதாக்குறைக்கு 6 ஆம்பியருக்கு மேல் தாங்காத ஓட்டையில் 8.7 ஆம்பியரை ஏற்றுகிறது.

புது 16 ஆம்பியர் சாக்கெட்டும் புதுப் பிளக்கும் போட்டு, வயரைப் பழையபடி விட்டால்? ஸ்டவ் மட்டும் என்றால் ஓடும். சுவருக்குள் பைப்பில் போகும் ஒன் ஸ்கொயர் வயருக்கு அட்டவணைகளில் சுமார் 11 ஆம்பியர் போட்டிருக்கும். வேலூர் மே மாத வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே கொதிக்கும் சுவரில் அந்த அளவும் குறையும். ஆபத்து அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. பெரிய சாக்கெட்டைப் பார்த்ததும் வாடகைக்கு வந்தவர் தைரியமாக எல்லாவற்றையும் செருகுவார். ஸ்டவ்வோடு அதே லைனில் 1500 வாட் கெட்டிலும் ஓடினால் மொத்தம் 15 ஆம்பியர் தாண்டும். அந்த வீட்டு டி.பி.யில் இந்த லைனுக்கு இருந்தது 16 ஆம்பியர் எம்.சி.பி. அது 15 ஆம்பியருக்கு எத்தனை மணி நேரமானாலும் அசையாது. வயர்தான் சுவருக்குள் வேகும்.

ஆக, எலெக்ட்ரீஷியன் சொன்னது தப்பில்லை, அரைகுறை. வயரை மாற்றி, பழுத்த சாக்கெட்டை விட்டுவைத்தால் பழுப்பு அப்படியே தொடரும். அந்த அறைக்கு என் தேர்வு இது: டி.பி.யிலிருந்து தனியாக ரெண்டரை ஸ்கொயர் வயர், எர்த்தோடு, அதற்கென்று ஒரு 16 ஆம்பியர் எம்.சி.பி., முடிவில் புது சாக்கெட், ஸ்டவ்வுக்குப் புதுப் பிளக். வயரில் வீணாகும் சூடு 13 வாட் சொச்சத்துக்கு இறங்கும். மொத்த வீட்டுக்கும் ரீவயரிங் தேவையில்லை. வயர் ஏற்கெனவே ரெண்டரை ஸ்கொயராக இருக்கும் வீட்டில் இந்தச் செலவே வேண்டாம், சாக்கெட்டும் பிளக்கும் போதும். மெயினை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றினால் வயரின் உறையிலேயே அளவு அச்சிட்டிருக்கும்.

எலெக்ட்ரீஷியன் வரும்வரை சமைத்தாக வேண்டுமே என்றால், பழுத்ததைத் தொடாமல் பிடி இறுக்கமான வேறு 16 ஆம்பியர் பாயிண்டில் ஓட்டலாம். ஸ்டவ்வை 1000 வாட்டில் வைத்தால் கரன்ட் பாதி, காண்டாக்டில் சூடு கால்வாசி. அதற்கும் கீழே, 300, 400 என்று குறைத்தால் சூடு அதே கணக்கில் இறங்கும் என்று நினைக்க வேண்டாம். நிறைய ஸ்டவ்கள் அந்த அளவுகளில் விட்டு விட்டுத்தான் ஓடுகின்றன, ஓடும் நொடிகளில் கூடுதல் வாட்டேஜையே இழுக்கும்.

வேலை முடிந்ததும் ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து முழு வாட்டில் இருபது நிமிஷம் ஓட்டச் சொன்னோம். சுவிட்சை அணைத்துவிட்டு முதலில் ஸ்டவ்விலிருந்து பிளக்குக்கு வரும் கார்டை நடுவில் தொட வேண்டும், அப்புறம் பிளக்கின் முதுகை. இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கார்டு சில்லென்று இருந்து பிளக் மட்டும் சுட்டால், பிளக்குக்குள்ளோ சாக்கெட்டுக்குப் பின்னாலோ ஏதோ ஒரு ஸ்க்ரூ சரியாக இறுகவில்லை. கார்டு நீளம் முழுக்கச் சுட்டால் கார்டே மெல்லியது, அதை மாற்ற வேண்டும். இங்கே பிளக்கின் முதுகு கொஞ்சம் கூடுதலாகவே சுட்டது. திறந்து பார்த்தால் நியூட்ரல் ஸ்க்ரூவுக்கு அடியில் காப்பர் இழைகளில் பாதி மாட்டாமல் வெளியே நின்றன. முறுக்கி, லக் போட்டு, மறுபடி இறுக்கினார்கள்.