ஓர் இரவு கூடியது, தூதரகம் மாறியது

லண்டனிலிருந்து டர்பனுக்குச் சென்ற மூன்று வாரத்தில் என் மனத்தை விட்டு அகலாதது விசா மையத்தில் கழிந்த ஒரு முற்பகல்தான். செப்டம்பரில் அம்மாவை ரோம், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் ஆகிய மூன்று ஊர்களுக்கும் அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருந்தேன். என்னிடம் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருப்பதால், ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் ஒன்றாகச் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா எனக்குத் தேவையில்லை. தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் அம்மாவுக்குத் தேவை.

முதலில் ரோமில் நான்கு இரவு, பாரிஸில் நான்கு இரவு, ஆம்ஸ்டர்டாமில் இரண்டு இரவு என்று பதிவு செய்து, இத்தாலிக்கு விண்ணப்பிக்க நேரமும் வாங்கியிருந்தேன். பிறகு, பாரிஸிலுள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்தில் ஒரு நாள் நிதானமாக அமர்ந்துவர வேண்டும் என்று அம்மா கேட்டதால், அங்கே ஓர் இரவைக் கூட்டினேன். அதோடு விண்ணப்பிக்க வேண்டிய நாடே மாறிவிட்டது என்பதை நான் உணரவில்லை.

சாளரத்தில் இருந்த பெண் விடுதிச் சீட்டுகளை வரிசையாகப் பரப்பி, ஓரத்தில் பென்சிலால் 4, 5, 2 என்று எழுதிக் காட்டினார். "இறங்கும் நாடு இத்தாலிதானே?" என்று அவரிடம் கேட்டேன். முதலில் இறங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் எல்லோரும் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்போ வேறு வரிசையைச் சொல்கிறது: பயணத்தின் நோக்கத்தாலோ தங்கும் நாட்களாலோ எது முதன்மை நாடோ, அதன் தூதரகமே பொறுப்பு; அப்படி எதையும் பிரித்தறிய முடியாதபோதுதான் முதலில் எல்லை கடக்கும் நாடு. எங்கள் பழைய திட்டத்தில் ரோமும் பாரிஸும் சமமாக இருந்ததால் இத்தாலி சரியாக இருந்தது. புதிய திட்டத்தில் பிரான்ஸ்.

வரிசையில் நின்ற ஒரு பெரியவர், அந்த ஓர் இரவைத் தாளில் மட்டும் நீக்கிவிடும்படி அன்போடு சொன்னார். பிரான்சின் சந்திப்பு நேரம் தாமதமாகத்தான் கிடைக்கும் என்பது அவர் கவலை. ஆனால் பயணத் திட்டத்தைப் பொய்யாகக் காட்டினால் விசா மறுக்கப்படலாம், கொடுத்த விசாவும் ரத்தாகலாம். அம்மாவின் பெயரில் அப்படி ஒரு கறை படிய நான் விடமாட்டேன்.

பொறுப்பில்லாத தூதரகம் விண்ணப்பத்தையும் விசாக் கட்டணத்தையும் திருப்பித்தர வேண்டும் என்பது விதி. ஆனால் நாட்கள் திரும்பி வருவதில்லை. லண்டனில் இணையத்திலேயே எல்லாவற்றையும் முடித்துப் பழகிய எனக்கு, சந்திப்பு நேரம் பதியும் இடத்திலேயே மூன்று ஊர்களின் இரவுகளையும் கேட்டிருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அந்தப் பெண் அம்மாவை நாற்காலியில் அமர்த்தித் தண்ணீர் கொடுத்து, விதியை மறுபடியும் பொறுமையாக விளக்கினார். அந்தப் பரிவை நான் வெளிநாட்டில் கண்டதில்லை.

என் விடுப்பு முடிந்துவிட்டதால், தம்பிதான் அம்மாவைப் பிரான்சுக்கான சந்திப்புக்கு அழைத்துச் சென்றான். பன்னிரண்டாம் நாள் கடவுச்சீட்டு வீட்டுக்கு வந்தது; ஒட்டியிருப்பது பிரான்சின் விசா, நாங்கள் இறங்கப்போவது ரோமில்.