முதல் ஆங்கிலப் புத்தகம்: எடிற்றரிடம் முழுதாகக் கொடுப்பதா, நாமே திருத்துவதா?

கிளிநொச்சியில் இருந்துகொண்டு என் முதல் ஆங்கிலப் புத்தகத்தை எழுதி முடித்தபோது கையில் 60,000 சொற்கள் இருந்தன. இரணைமடுக் குளத்துப் பக்கம் நான் வளர்ந்த கதை. பிழை இருக்கும் என்று தெரியும், எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் வெளிநாட்டு எடிற்றரிடம் முழுவதையும் கொடுப்பது ஒரு வழி. நானே திருத்திவிட்டு, கொஞ்சத்தை மட்டும் அவரிடம் காட்டுவது மற்றது. தமிழில் எழுதி மொழிபெயர்ப்பிக்கலாம்தான், ஆனால் அது மொழிபெயர்ப்பவரின் ஆங்கிலமாகிவிடும். நான் முதலாவது வழியில் போய், பிறகு இரண்டாவதுக்கு வந்தவன்.

எடிற்றரின் வேலை சுத்தம், வேகமும் கூட. அதில் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் பிறகுதான் வந்தது. அவரின் திருத்தங்களை ஒரேயடியாக ஏற்கும் `Accept All` அழுத்திவிட்டு இரண்டு அத்தியாயம் புதிதாகச் சேர்த்தேன், பழைய காட்சிகள் சிலவற்றை மாற்றினேன். புதிய வரிகளில் என் பழைய பிழைகள் அப்படியே திரும்பி வந்தன. வாசித்த நண்பர் ஒருவர், எந்தப் பந்தி பிறகு சேர்த்தது என்று விரல் வைத்துக் காட்டினார். புத்தகம் அச்சுக்குப் போகும்வரை எழுத்தாளர் கை வைத்துக்கொண்டேதான் இருப்பார். ஒவ்வொரு தடவையும் காசு கொடுக்க முடியுமா? எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான். அதோடு குளத்தைக் குறிக்க நான் எழுதிய 'டாங்க்' எல்லாம் 'பொண்ட்' ஆகியிருந்தது. அத்தனை ஏக்கர் வயலுக்குப் பாயும் இரணைமடு ஒரு குட்டையாகிவிட்டது. நம் நாட்டு ஆங்கிலத்தில் டாங்க் என்றால் பாசனக் குளம். வெளியார் வன்னிக் கதையில் அதைப் போர் வண்டி என்று எடுத்துக்கொள்ளலாம் என்பதால், முதல் இடத்தில் மட்டும் ஒரு விளக்கம் போதும்.

இப்போது நான் செய்வது இது. முதல் 5,000 சொற்களை மட்டும் எடிற்றரிடம் கொடுக்கிறேன். அவர் திருத்தியதை வகை பிரித்து எண்ணிப் பார்த்தபோது, பாதிக்கு மேல் ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் a, the என்ற 'எ', 'த' பிழைகள். அடுத்தது, ஆங்கிலத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து வராத சொற்களைச் சோடியாக எழுதியது.

'எ', 'த' தமிழில் இல்லை என்று சொல்லிவிட்டு விடுகிறோம். ஆனால் தமிழ் அதை வேறு இடத்தில் வைத்திருக்கிறது. 'அப்பா சந்தையில் வாளி வாங்கினார்' என்றால் ஏதோ ஒரு வாளி, அங்கே 'எ' வரும். 'அப்பா வாளியைக் கிணற்றுக்குள் விட்டார்' என்றால் நமக்குத் தெரிந்த வாளி, அங்கே 'த'. அந்த 'ஐ' உருபுதான் அடையாளம். எனவே சந்தேகம் வரும் வரியைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ஆளைக் குறிக்கும் சொல்லுக்குப் பெரும்பாலும் 'ஐ' எப்படியும் வரும், அதனால் அங்கே இந்த வழி சரிவராது. எழுவாயிலும் உதவாது. 'கிணறு வற்றியது' என்றால் வாசகர் 'எந்தக் கிணறு?' என்று கேட்பாரா என்று யோசிக்க வேண்டியதுதான். கேட்பார் என்றால் 'எ', கேட்கமாட்டார் என்றால் 'த'. அத்தியாயத்தை அச்செடுத்து, பென்சிலோடு பெயர்ச்சொற்களை மட்டும் பார்த்துப் போகிறேன். கதையை வாசித்தால் பிழை கண்ணில் படாது.

சொற்சேர்க்கைக்கு கூகுளின் Ngram Viewer போதுமாயிருக்கிறது. அச்சான புத்தகங்களில் ஒரு தொடர் எந்த ஆண்டில் எவ்வளவு வந்தது என்று கோடு போட்டுக் காட்டும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தைத் தெரிவுசெய்து, இரண்டு தொடர்களைக் காற்புள்ளி போட்டுக் கொடுத்தால் சரி:

```
had a dream,saw a dream
take medicine,drink medicine
```

நாம் கனவு காண்கிறோம், மருந்து குடிக்கிறோம். அதையே ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். இரண்டிலும் முதல் கோடு மேலே நிற்க, என்னுடையது அடியில் படுத்துக் கிடந்தது. ஒரு தொடரில் ஐந்து சொல்லுக்கு மேல் கொடுக்க முடியாது. 40 புத்தகங்களுக்குக் குறைவாக வந்த தொடரைக் காட்டாது, ஆகவே கோடு இல்லை என்பதற்காக அது பிழை என்று ஆகாது. பொருளையும் அது பார்க்காது.

நேரம்தான் இதில் செலவு. தொடக்கத்தில் ஓர் அத்தியாயத்துக்கு இரண்டு மாலை போனது. எட்டாவது அத்தியாயத்துக்கு வந்தபோது அது ஒரு மாலையாகக் குறைந்தது, ஏனென்றால் எழுதும்போதே கை நின்று யோசிக்கத் தொடங்கிவிட்டது.

என் அனுபவம் நினைவுக் குறிப்பு உரைநடையோடு சரி. நாவலில் ஊர்ச்சனம் பேசும் பேச்சுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று துணிந்து சொல்லமாட்டேன். அங்கே 'மருந்து குடித்தேன்' என்று ஒரு கிழவி ஆங்கிலத்தில் சொல்வதே சரியாக இருக்கலாம். அவசரமாகப் பதிப்பகத்துக்குக் கொடுக்க வேண்டியவர்கள் எடிற்றரிடமே முழுதையும் கொடுக்கலாம். அப்படியானால் கூடவே ஒரு தாளில் டாங்க், குரக்கன், பனை வடலி என்று தொடக்கூடாத சொற்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.