மூங்கில் மூட்டு: கயிறா, போல்ட்டா?

துணி காயப்போடும் மூங்கில் சட்டத்தில் எடை எல்லாம் குறுக்குக் கழியின் மூட்டில்தான் இறங்கும். போல்ட் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மூங்கிலின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. இரு கணுக்களுக்கு நடுவே துளைத்து நட்டை முறுக்கினால், துளையிலிருந்து மேலும் கீழும் மயிரிழை போல விரிசல் ஓடும். கணுவை ஒட்டித் துளைத்து, அகல வாஷர் வைத்து, மூங்கில் நசுங்கும் முன் நிறுத்திவிட வேண்டும்.

கயிற்றுக்குத் துளையே வேண்டாம். நான்கு சுற்று சுற்றியபின், இரு கழிகளுக்கும் இடையே குறுக்காக இரண்டு சுற்று இழுத்தால்தான் கட்டு இறுகும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பச்சை மூங்கில் காய்ந்து சுருங்கும்போது கட்டு தளரும், மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். சரி, அந்தத் தொல்லை பரவாயில்லை என்று நான் கயிறுதான் கட்டுவேன். மடக்கி விரிக்கும் கால்களுக்கு மட்டும் போல்ட்.